நுரையீரலில் திடீர் நீர்: முதலில் லாசிக்ஸா, நைட்ரோகிளிசரினா?

62 வயதுக்காரர் ஒருவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறார். உடம்பு சில்லிட்டு வியர்த்திருக்கிறது, இருமினால் இளஞ்சிவப்பு நுரை வருகிறது. ரத்த அழுத்தம் 220/120, ஆக்ஸிஜன் 80. காலில் வீக்கமே இல்லை.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். இவர் உடம்பில் நீர் பெரிதாகக் கூடவில்லை, இருக்கிற ரத்தம்தான் இடம் மாறியிருக்கிறது. ரத்தக்குழாய்கள் திடீரென இறுகும்போது விறைத்துப்போன இடது கீழறையால் அந்த எதிர்ப்பைத் தாண்டி ரத்தத்தை வெளியே தள்ள முடிவதில்லை. பின்னால் தேங்கும் ரத்தத்தால் நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 10 மி.மீ. அளவில் இருக்கும் அந்த அழுத்தம் 25-ஐத் தாண்டினால் நீர் காற்றறைகளுக்குள் கசியும். மூச்சு முட்டும் பயத்தில் அட்ரினலின் பொங்கி, குழாய்கள் இன்னும் இறுகும். சில நிமிடங்களிலேயே நிலைமை கைமீறிப் போவது இதனால்தான்.

சிறுநீரைக் கூட்டி உடம்பு நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் என்கிற ஃபியூரோசமைடு பல காலமாக முதல் ஊசி. ஆனால் அது வேலை செய்யச் சிறுநீரகத்துக்கு ரத்தம் நன்றாகப் போக வேண்டும். சிறுநீர் நன்றாகப் பிரிய அரை மணி நேரம் வரை ஆகலாம், இறுகிய குழாய்களோ அப்படியே இருக்கும். நைட்ரோகிளிசரின் ஓரிரு நிமிடத்தில் சிரைகளைத் தளர்த்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. அதிக அளவில் கொடுத்தால் தமனிகளும் தளரும். 1998-ல் 'லான்செட்' இதழில் வந்த இஸ்ரேல் ஆய்வு இதே வகை மருந்தான ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை அதிக அளவிலும் லாசிக்ஸைக் குறைவாகவும் கொடுத்துப் பார்த்தது. குழாய் செருகி வென்டிலேட்டரில் வைக்க வேண்டியிருந்தவர்கள் 13 சதவீதம். லாசிக்ஸை அதிகமாகக் கொடுத்த குழுவில் 40 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த நோயாளிக்கு நான் நைட்ரோகிளிசரின் பக்கம்தான்.

அப்படியானால் இவரைக் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, இறுக்கமான மாஸ்க் வழியாகக் காற்றை விடாமல் அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியை மாட்ட வேண்டும். அந்தக் காற்றழுத்தம் காற்றறைகளைத் திறந்து வைக்கும். கூடவே நாக்கடியில் நைட்ரோகிளிசரின், அப்புறம் டிரிப்பில் ஏற்றி, சில நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷரைப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். லாசிக்ஸ் 40 மி.கி. அதன் பின்னால் வரட்டும். மாரடைப்பா என்று பார்க்க இ.சி.ஜி.யும் உடனே எடுக்க வேண்டும்.

பல நாளாகக் கால் வீங்கி, எடை கூடி வந்தவர் என்றால் லாசிக்ஸுக்குத்தான் முக்கிய இடம். மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இருந்தாலோ, முந்தின நாள் வயாகரா எனப்படும் சில்டெனாஃபில் மாத்திரை போட்டிருந்தாலோ நைட்ரோகிளிசரின் கூடாது. வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் படுக்கவைக்காதீர்கள். உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.