குயிக் ரிலீஸ் நைலான் ஸ்ட்ராப்: 2 வருட அனுபவம்

மே மாத வியர்வையில் தோல் ஸ்ட்ராப் நாற ஆரம்பித்ததும் நைலானுக்கு மாறினேன். ஸ்ட்ராப்பைப் பிடிக்க வாட்சில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளுக்கு இடையே 20 மி.மீ. இரண்டு துண்டாக வரும் ஸ்ட்ராப், இரண்டிலும் காதுகளின் துளைகளில் பொருந்தும் குயிக் ரிலீஸ் பின். 2 வருடமாக வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டுகிறேன்.

பின்னில் குட்டியாக ஒரு நெம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதை நகத்தால் உள்ளே இழுத்தால் ஒரு முனை மட்டும் உள்வாங்கும். கருவி வேண்டாம் என்பதால் கீறலே விழாது என்று நம்பியிருந்தேன். ஆனால் மூன்றாவது மாதம், காதின் உட்பக்கத்தில் விளிம்பிலிருந்து துளை வரை மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தோல் ஸ்ட்ராப் தடிமனாக இருப்பதால் அந்த இடத்தை மூடிவிடும். நைலான் மெலிது, அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

காரணம் என் அவசரம்தான். நெம்பைப் பாதி மட்டும் இழுத்து, முனையை உலோகத்தின் மேலேயே தேய்த்துக்கொண்டு போய்த் துளையில் விழவைத்தேன். இப்போது வாட்சை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வைக்கிறேன். நெம்பு இல்லாத முனையை முதலில் துளையில் இறக்குகிறேன். பிறகு நெம்பை முழுக்க இழுத்துப் பிடித்தபடி மறுமுனையைக் காதுகளுக்கு நடுவே கொண்டுவந்து, துளைக்கு நேராக வந்த பிறகே விடுகிறேன். அதன்பின் புதுக் கோடு விழவில்லை. பழைய ஸ்ட்ராப்பில் சாதா பின் இருந்தால் கருவி வேண்டியிருக்கும். அப்போது காதுகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கருவியின் கவைமுனை வழுக்கினாலும் டேப்தான் கிழியும்.

மாட்டியதும் நெம்பைப் பாருங்கள். அது வெளிப்பக்கமாக முழுதும் திரும்பியிருக்க வேண்டும். ஸ்ட்ராப்பை இழுத்து, இடம் வலமாகவும் அசைத்துப் பார்ப்பேன். ஒருநாள் இதைச் செய்யாமல் கிளம்பி, மாம்பலத்தில் மின்சார ரயிலின் கம்பியைப் பிடித்தபோது ஒரு பக்கம் கழன்று வாட்ச் தொங்கியது. வியர்வை உப்பும் நூல்பிசிறும் நெம்பின் பள்ளத்தில் அடைத்து, முனை பாதியிலேயே நின்றிருக்கிறது. அன்றிலிருந்து அலசும்போதெல்லாம் பின்னை உருவி, பழைய பல் பிரஷால் தேய்த்துக் காயவைத்துவிடுகிறேன்.

வாட்சின் அடியில் நுழைத்து எடுக்கும் ஒரே நீளமான நைலான் பட்டைக்கு மட்டும் குயிக் ரிலீஸ் பின்னைப் போடாதீர்கள். பட்டையை உருவும்போது நெம்பில் துணி மாட்டி, பின் தானாக விடுபடலாம். அதற்கு நெம்பு இல்லாத சாதா பின்னே போதும். பின்னைத் தொடாமலே பட்டையை மாற்றலாம். ஒரு பக்கம் பின் போனாலும் மறுபக்கம் வாட்சைத் தாங்கும். பீச்சுக்குப் போகும்போது நான் கட்டுவது அதைத்தான்.