250 என்று நம்பி வாங்கியது, 147 ஆகப் போனது: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனோடு மூன்று ஆண்டுகள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இப்போது சுற்றிக்கொண்டிருப்பது இரண்டாவது எக்ஸாஸ்ட் ஃபேன். முதலாவது பழுதாகவில்லை. இன்றும் குளியலறையில் ஒழுங்காக ஓடுகிறது. அதைச் சமையலறையிலிருந்து கழற்ற வேண்டிவந்ததற்குக் காரணம், நான் ஓர் எண்ணைப் பார்த்து அதன் பக்கத்திலிருந்த அலகைப் பார்க்காமல் விட்டதுதான்.

திருச்சியில் இரண்டாவது மாடி வீடு. சமையலறை பத்தடிக்கு எட்டடி, உயரம் ஒன்பதரை அடி. வற்றல் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவர்கள் வரை இருமுவார்கள். ஃபேன் வாங்குமுன் இணையத்தில் தேடினேன். கிடைத்தவை பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குகள். அறையின் நீள அகல உயரங்களை அடியில் பெருக்கு, மணிக்குப் பதினைந்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துப் பதினைந்தால் பெருக்கு, அறுபதால் வகு, வருவது சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. எனக்கு வந்தது 760 பெருக்கல் 15, வகுத்தல் 60. விடை 190.

கடையில் ஆறு அங்குல ஃபேன் ஒன்றின் பெட்டியில் காற்று வெளியேற்றம் 250 என்று இருந்தது. 190 போதும், 250 தாராளம் என்று வாங்கி வந்தேன். அந்த 250-க்குப் பக்கத்தில் `m³/h` என்று சிறிய எழுத்தில் இருந்ததை, மாட்டி இரண்டு மாதம் கழித்து, பெட்டியைப் பரணில் ஏற்றும்போதுதான் படித்தேன். மணிக்கு 250 கன மீட்டர். அதைச் சி.எஃப்.எம். ஆக்கினால் 147. தேவையோ 190.

மாற்றும் கணக்கு எளிது. ஓர் அடி 0.3048 மீட்டர். அதை மூன்று முறை பெருக்கினால் ஒரு கன அடி 0.0283 கன மீட்டர். சி.எஃப்.எம். நிமிடக் கணக்கு, நம் பெட்டிகளில் இருப்பது மணிக் கணக்கு. ஆகவே அறுபதாலும் பெருக்க வேண்டும்.

```
m³/h = CFM × 1.699
CFM  = m³/h ÷ 1.699
```

கடையில் நின்றுகொண்டு 1.699-ஆல் பெருக்க முடியாது. 1.7 என்று வைத்துக்கொண்டால் எந்தக் குறையும் இல்லை. மனக்கணக்காக நான் செய்வது இது: சி.எஃப்.எம். எண்ணை இரட்டித்து, அதில் பதினைந்து சதவீதம் கழிப்பேன். 190-ஐ இரட்டித்தால் 380; பதினைந்து சதவீதம் 57; மிச்சம் 323. என் சமையலறைக்கு வேண்டியது மணிக்கு 323 கன மீட்டர். மீட்டரிலேயே அளந்து சரிபார்த்தேன்: அறை 21.5 கன மீட்டர், பதினைந்து முறை மாற்றினால் அதே 323. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அலகு குழம்புவதைக் கண்டுபிடிக்கவும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஃபேனுக்கு, மணிக்குக் கன மீட்டர் என்ற எண் எப்போதும் சி.எஃப்.எம். எண்ணைவிடப் பெரியதாக இருக்கும்; ஆனால் இரு மடங்கை எட்டாது. இணைய மாற்றியில் 190 போட்டு 5.4 என்று விடை வந்தால், நீங்கள் தேர்ந்தது நிமிடத்துக்குக் கன மீட்டர். நம் ஊர்ச் சீலிங் ஃபேன் பெட்டிகளில் அந்த நிமிடக் கணக்குதான் இருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே கடையில் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பே. அதை அறுபதால் பெருக்கினால் மணிக் கணக்கு வந்துவிடும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கட்டுரைகளில் சமையலறைக்கு 100 சி.எஃப்.எம். போதும் என்று படிக்கலாம். அது அடுப்புக்கு நேர் மேலே குடை போலக் கவிந்திருக்கும் சிம்னிக்கான எண். புகை எழும் இடத்திலேயே அது பிடித்துவிடும். சுவர் உச்சியில் ஓட்டை போட்டு மாட்டும் ஃபேனுக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்தால், புகை அறை முழுதும் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும்.

இனி, பெட்டியில் உள்ள எண் வீட்டில் கிடைக்குமா என்பது. கிடைக்காது. அந்த எண், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் ஃபேன் தள்ளும் காற்றின் அளவு. வீட்டிலோ பின்னால் மடிப்புத் தகடுகள், அதற்கும் பின்னால் கொசுவலை, பக்கத்தில் மூடிய ஜன்னல்.

என் அக்கா மகன் ஏ.சி. மாட்டும் வேலை செய்கிறான். அவனிடம் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவில் ஒரு சிறு விசிறி. "சித்தி, நடுவில் வைத்துப் பார்க்காதீர்கள், அங்கே மோட்டார் மறைக்கும். ஓரத்துக்கும் மோட்டாருக்கும் இடையில் ஐந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள்" என்றான். ஆறு அங்குல ஃபேனுக்குச் சராசரி விநாடிக்கு 2.4 மீட்டர் வந்தது. ஓட்டையின் பரப்பு 0.0177 சதுர மீட்டர். வேகத்தைப் பரப்பால் பெருக்கி, விநாடியை மணியாக்க 3600-ஆல் பெருக்கினால் 153 கன மீட்டர், சி.எஃப்.எம்.-இல் 90. மோட்டார் அடைக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருப்பதால் நிஜம் இன்னும் சற்றுக் குறைவு. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒப்பீடுதான்.

வெளிப்பக்கக் கொசுவலையை எடுத்துப் பார்த்தபோது மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடை போல இருந்தது. அதை நீக்கியதும் வேகம் 2.9 ஆக ஏறியது. மணிக்கு 184 கன மீட்டர். அப்படியும் 323-க்கு வெகு தூரம்.

ஆகவே ஓட்டையைப் பெரிதாக்கி, எட்டு அங்குல ஃபேன் வாங்கினேன். பெட்டியில் மணிக்கு 520 கன மீட்டர் என்று இருந்தது, சி.எஃப்.எம்.-இல் 306. தேவையைவிட ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடுதலாக எடுத்தது வேண்டுமென்றேதான். மாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து அளந்ததில் விநாடிக்கு 3.6 மீட்டர். எட்டு அங்குல ஓட்டைக்குப் பரப்பையும் 3600-ஐயும் முன்கூட்டியே பெருக்கி வைத்துவிட்டால் 113 என்ற எண் வரும். வேகத்தை 113-ஆல் பெருக்கினால் நேராக மணிக்குக் கன மீட்டர். 3.6-க்கு 407. பதினைந்து முறை கேட்டேன், பத்தொன்பது முறை கிடைத்தது. தாளிக்கும்போது கூடத்தில் இருமல் நின்றது.

நின்றது, ஆனால் எப்போதும் இல்லை. மழைக்காலத்தில் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுச் சமைத்தபோது பழைய கதை திரும்பியது. கருவியை வைத்தால் 2.0. மணிக்கு 226 கன மீட்டர்தான். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் ஃபேன் சும்மா இரைந்துகொண்டிருக்கும். கருவி இல்லாதவர்கள் பின்பக்கத் தகடுகளைப் பார்த்தாலே போதும்: ஜன்னல் திறந்திருக்கும்போது அவை நன்றாக எழுந்து நிற்கும், சாத்தினால் பாதியில் தொங்கி அடித்துக்கொள்ளும். அந்தப் படபடச் சத்தத்தை ஃபேனின் கோளாறு என்று எண்ணி எலக்ட்ரீஷியனை அழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இதில் எனக்குப் புரியப் பல மாதம் பிடித்த விஷயம், எந்த ஜன்னலைத் திறப்பது என்பது. எங்கள் சமையலறையில் ஃபேனுக்கு ஓரடி தள்ளி ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் கருவி 3.6 காட்டும், கணக்கு 407 என்று சொல்லும், ஆனால் புகை அடுப்பருகே அப்படியே நிற்கும். ஊதுபத்தி ஒன்றை ஏற்றி அடுப்பின் மேல் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே எழுந்து கூரையில் பரவியது. ஜன்னலருகே பிடித்தால் சரேலென்று ஃபேனுக்குள் போனது. வெளிக்காற்று ஜன்னல் வழியே வந்து, பக்கத்திலேயே ஃபேன் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது; அறைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தேன். கருவியில் அதே 3.6, ஆனால் இப்போது ஊதுபத்திப் புகை அடுப்பின் மேலிருந்தே சாய்ந்து ஃபேனை நோக்கிப் போயிற்று. கதவை முழுதாகத் திறந்தால் அடுப்புச் சுடர் ஆடுகிறது என்பதால் ஒரு சாண் அளவு மட்டும் திறந்து வைக்கிறேன். அளந்தால் 3.4, அது போதும்.

எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதல் ஆண்டு எட்டு மாதம் கைவைக்காமல் விட்டேன். மெதுவாகக் குறைந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அளந்தால் 2.7, மணிக்கு 305 கன மீட்டர், ஏறக்குறைய 180 சி.எஃப்.எம். வேண்டிய 190-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது என்று மெயினையும் அணைத்துவிட்டு இறக்கையைக் கழற்றினேன். என் ஃபேனில் நடு மறை தலைகீழாகத் திறக்கிறது. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி, இன்னும் இறுக்கிவிட்டேன். இறக்கையையும் தகடுகளையும் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் தேய்த்தேன். மோட்டார் மேல் தண்ணீர் படாமல் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. மாட்டிப் பார்த்தால் 3.5, அதாவது மணிக்கு 396. பிசுக்கு இறக்கையைவிடத் தகடுகளின் கீல்களில்தான் அதிகம் சேர்ந்திருந்தது. அவை ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்ததே பெரிய தடை என்று நினைக்கிறேன்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் 113 என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு முறையும் கழுவுவதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக வேகத்தைக் குறித்து வருகிறேன். கடைசியாக எழுதியது 3.2, 3.5. கருவியை அக்கா மகன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.