முடிவிலியில் எல்லை: படி பார்ப்பதா, வகுப்பதா, லோபிதாலா?

x முடிவிலிக்குப் போகும்போது இதன் எல்லை என்ன?

(3x² + 5000x − 1) / (4x² − 7x + 2)

பிளஸ் டூ கணக்கு படித்தவர் கையில் மூன்று வழிகள் இருக்கும். தொகுதியிலும் பகுதியிலும் உயர்ந்த படியைப் பார்த்து, கெழுக்களை எடுத்து 3/4 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். எல்லா உறுப்புகளையும் x² ஆல் வகுத்து எழுதலாம். ∞/∞ என்பது தேறப்பெறாத வடிவம் என்பதால் லோபிதால் விதியைப் போட்டு, மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிடலாம். மூன்றிலும் விடை 3/4 தான்.

படி பார்க்கும் வழியை முதன்முதலில் கேட்கும் பிள்ளைக்கு அந்த 5000 உறுத்தும். "அவ்வளவு பெரிய எண்ணை எப்படி சார் விட்டுவிடுவது?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. கால்குலேட்டரில் x = 100 போட்டால் விடை 13.49 வருகிறது. x = 1000 என்றால் 2.00. பத்தாயிரத்தில் 0.875, பத்து லட்சத்தில் 0.75125. 5000x-இன் ஆட்டம் நெடுந்தூரம் நீடிக்கிறது, ஆனால் ஓய்ந்துவிடுகிறது. ஆயிரத்தோடு நிறுத்தியவர் எல்லை 2 என்று எழுதியிருப்பார். அதனால் எண்ணைப் போட்டுப் பார்ப்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வது வகுக்கும் வழிதான். x² ஆல் வகுத்தால்

(3 + 5000/x − 1/x²) / (4 − 7/x + 2/x²)

என்று ஆகும். 5000/x-இல் மேலே இருப்பது அசையாத எண். கீழே x வளர்ந்துகொண்டே போகிறது. 5000 இடத்தில் 5 கோடி இருந்தாலும் அது பூஜ்யத்துக்குத்தான் போகும். மிஞ்சுவது 3/4. படி பார்ப்பது இதே வேலையை மனதுக்குள் செய்வது, அவ்வளவே. பகுதியின் படி பெரிதென்றால் விடை 0, தொகுதியின் படி பெரிதென்றால் எல்லை முடிவில்லாமல் போகும் என்ற மற்ற இரண்டு விதிகளும் இதே வகுத்தலிலிருந்து வருபவை.

லோபிதால் இந்த வகைக் கணக்குக்குக் கனமான கருவி. மேலே உள்ளதற்கு இரண்டு தடவை வகையிட்டால் 6/8 கிடைத்துவிடும், சிரமமில்லை. (x² + 1)⁵ / (2x¹⁰ − x³) வந்தால்? பத்து தடவை வகையிட வேண்டும். படி பார்ப்பவர் 1/2 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். வர்க்கமூலம் வந்தால் இன்னும் மோசம். √(x² + 1) / x என்பதை வகையிட்டால் x / √(x² + 1) வருகிறது. அதை வகையிட்டால் முதலில் இருந்ததே திரும்பி வருகிறது. எத்தனை தடவை சுற்றினாலும் விடை வராது. x ஆல் வகுத்தால் ஒரே வரியில் 1.

அப்படியானால் எப்போதும் படி பார்த்தே போய்விடலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். இதைப் பாருங்கள்:

x²/(x + 1) − x²/(x − 1)

தனித்தனியாகப் படி பார்த்தால் முதல் பின்னம் x போல நடக்கிறது, இரண்டாவதும் x போல. x − x = 0 என்று கை தானாக எழுதும். தவறு. ஒரே பின்னமாக்கினால் தொகுதி x²(x − 1) − x²(x + 1), அதாவது −2x². பகுதி x² − 1. எல்லை −2. x என்ற பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் விடை. அந்த மிச்சத்தைத்தான் நாம் முதலிலேயே "சின்னது" என்று தள்ளியிருந்தோம். [(x + 1)³ − x³] / x² என்பதிலும் இதே கதை: தொகுதியைப் பார்த்தால் படி 3 போலத் தெரியும், விரித்தால் x³ கழிந்து 3x² + 3x + 1 நிற்கும், எல்லை 3. ஆக, கழித்தல் குறியைக் கண்டால் முதலில் விரித்து ஒரே பின்னமாக்கி, எது உண்மையில் மிஞ்சுகிறது என்று பார்த்த பிறகே படியை ஒப்பிட வேண்டும்.

x எதிர்ப்பக்கம், −∞-க்குப் போகும்போது இன்னொரு இடறல். (x³ + 1) / (2x² − 5) அங்கே x/2 போல நடப்பதால் −∞-க்குப் போகும். "தொகுதியின் படி பெரிது, ஆகவே +∞" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். √(9x² + 1) / (2x + 5) என்றால் வர்க்கமூலத்துக்குள்ளிருந்து வெளியே வருவது x அல்ல, |x|. x குறை எண் என்பதால் |x| = −x. விடை −3/2, அவசரத்தில் படி மட்டும் பார்த்தவர் 3/2 என்று எழுதியிருப்பார்.

என் பழக்கம் இது: ஒற்றைப் பின்னம், விரித்த பல்லுறுப்புக் கோவைகள் என்றால் படி பார்த்து எழுதிவிடுவேன். கழித்தலோ வர்க்கமூலமோ −∞-யோ வந்தால் பொறுமையாக வகுப்பேன். லோபிதாலை eˣ, log x போன்றவை x-இன் அடுக்குகளோடு மோதும் கணக்குகளுக்கு வைத்திருக்கிறேன். அங்கே ஒப்பிடுவதற்குப் படி என்று ஒன்று இருக்காது.