மூக்கில் ஏறும் காரம்: வசாபியா, ஹார்ஸ்ராடிஷா, கடுகா?

மிளகாய் நாக்கில் எரிகிறது. ஜப்பானிய உணவில் வரும் வசாபிக் கிழங்கு, காரமான ஹார்ஸ்ராடிஷ் வேர், கடுகு ஆகிய மூன்றும் மூக்கில் ஏறுகின்றன. மிளகாயின் கேப்சைசின் கனமான மூலக்கூறு. வாயின் சூட்டில் அது ஆவியாகாது, பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு எரியும். கடுகு, வசாபி, ஹார்ஸ்ராடிஷ் மூன்றிலும் காரத்துக்கு முக்கியக் காரணம் அல்லைல் ஐசோதயோசயனேட். எடையில் கேப்சைசினில் மூன்றில் ஒரு பங்குதான். மெல்லும்போதே ஆவியாகி, தொண்டைக்குப் பின்புறமாக மேலேறி, நாம் மூச்சு விடும்போது மூக்கின் உட்சவ்வைத் தொடும். அங்கே முகத்தின் உணர்ச்சி நரம்பு நுனிகளில் உள்ள டிஆர்பிஏ1 என்ற உணர்வியை அது தூண்டுவதால்தான் சுள்ளென்று ஏறி, கண்ணில் நீர் வருகிறது. நாக்கிலும் கொஞ்சம் எரியும், ஆனால் ஆவி சீக்கிரம் கலைந்துவிடுவதால் சில நொடிகளில் அடங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துளி கடுகு விழுதை நாக்கில் வையுங்கள், நாக்கு மட்டும் லேசாகக் காந்தும். கையை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விட்டதும் நெடி ஏறும். மிளகாயை வைத்து இதையே செய்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வேதிப்பொருள் ஒன்றே என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் ஓட்டு கடுகுப் பொடிக்கு. காரணம் ஒன்றுதான்: நெடி எப்போது பிறக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

மூன்றிலுமே இந்தக் காரம் முன்கூட்டியே இருப்பதில்லை. சினிக்ரின் என்ற பொருளும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் செடிக்குள் தனித்தனியாக இருக்கின்றன. செல் நசுங்கி, ஈரமும் இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து நெடியை உண்டாக்கும். வசாபிக் கிழங்கிலும் ஹார்ஸ்ராடிஷ் வேரிலும் ஈரம் ஏற்கெனவே இருப்பதால், துருவிய கணமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கடுகை அரைத்தாலும் பொடி உலர்ந்திருக்கும் வரை நொதிக்கு வேலையில்லை. காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

பழுப்பு அல்லது கருங்கடுகுப் பொடி ஒரு மேசைக்கரண்டிக்கு அதே அளவு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முதலில் கசப்புதான் தெரியும், அதற்காகப் பொடியைக் குறை சொல்ல வேண்டாம். மூடி வைத்து 10 முதல் 15 நிமிடம் விட்டால் நெடி உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் சில துளி வினிகர் விட்டால் நொதி அடங்கும், உண்டான காரமும் மெதுவாகவே சிதையும். வினிகரை முதலிலேயே விட்டாலோ, வெந்நீரில் கலந்தாலோ நொதி முடங்கி, கசப்பான மந்த விழுதுதான் மிஞ்சும். கொதிக்கும் எண்ணெயில் பொரிந்த கடுகு மூக்கில் ஏறாததும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: மஞ்சள் கடுகு (வெண்கடுகு என்றும் சொல்வார்கள்) இந்த வேலைக்கு உதவாது. அதில் இருப்பது சினிக்ரின் இல்லை, சினால்பின். அதிலிருந்து வரும் காரப்பொருள் ஆவியாவது மிகக் குறைவு, அதனால் நாக்கோடு நின்றுவிடும். மூக்கில் ஏறவில்லை என்றால் பொடி பழசு என்று நினைப்பதற்கு முன், எந்தக் கடுகு என்று பாருங்கள்.

ஹார்ஸ்ராடிஷ் இரண்டாவது இடம். முரட்டுத்தனமான நெடி, சாப்பிடும்போது உடனே தெரியும். துருவி இரண்டு மூன்று நிமிடம் கழித்து வினிகர் சேர்த்தால் காரம் கூடும், உடனே சேர்த்தால் மிதமாக நிற்கும். துருவியது குளிர்பதனப் பெட்டியிலும் நாளாக நாளாக நெடி இழந்து, நிறம் மங்கி, கசக்கத் தொடங்கும். துருவும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வசாபிக்கு மணத்தில் தனி இடம் உண்டு. அல்லைல் ஐசோதயோசயனேட்டோடு, பச்சை வாசனை தரும் வேறு சில ஐசோதயோசயனேட்டுகளும் அதில் இருக்கின்றன. ஆனால் மிக நுண்ணியதாகத் துருவி, சில நிமிடம் விட்டு, கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதன் பிறகு மணம் மங்கிவிடும். குழாயில் விற்கும் பச்சை விழுதில் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ், கடுகு, நிறமி ஆகியவைதான் இருக்கும். அதற்கு வசாபி விலை கொடுப்பதைவிட நேரடியாகக் கடுகுப் பொடி வாங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சமைக்கும்போது அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள், சூட்டில் ஆவி அடுப்படியிலேயே போய்விடும். அளவு மீறி ஏறிவிட்டால் வாயால் மூச்சிழுத்து மூக்கால் வெளிவிடாமல், சில முறை வாயாலேயே இழுத்து வாயாலேயே விடுங்கள். ஆவிக்கு மேலேறும் வழி குறையும்.