கண்ணுக்குள் ஊசியும் கரண்ட் சிகிச்சையும்: ஒவ்வொரு வருகைக்கும் தனிக் காகிதம் கேட்டு வாங்குங்கள்

காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பில்லும் ரசீதும் என் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நானே இரண்டு மருத்துவமனைகளின் காகிதங்களில் ஏமாந்தேன் என்பதால், என் பெற்றோருக்கு நேர்ந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டும் கோயம்புத்தூர் மருத்துவமனைகள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கிளைம் கேட்டதில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் வலது கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொண்டது. மாதம் ஒன்றாக முதலில் மூன்று ஊசிகள் போட வேண்டும், அதன் பிறகு ஸ்கேன் பார்த்துத் தேவைக்கேற்பப் போடலாம் என்றார் கண் மருத்துவர். 2023 ஆகஸ்ட் 7, செப்டம்பர் 4, அக்டோபர் 9 என மூன்று திங்கட்கிழமைகளிலும் விடியற்காலைப் பேருந்தில் பல்லடம் வழியாகப் போய் வந்தோம். மருந்தின் அளவு 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு அளவுதான் இருக்கும். ஆனால் அதைப் போடும் விதம் சாதாரண ஊசியைப் போன்றதல்ல. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு, மரத்துப்போகச் செய்யும் சொட்டு, கிருமிநாசினி என்று வரிசையாக விட்டு, பச்சை அங்கியும் தொப்பியும் அணிவித்து, அறுவை அரங்குக்குள் கூட்டிப்போய், இமைகளைக் கம்பியால் விலக்கிப் பிடித்து, கருவிழியின் ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் குத்துகிறார்கள். அம்மா காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வெளியே வர மதியம் ஒரு மணி ஆகிவிடும்.

ஒவ்வொரு முறையும் 22,000 ரூபாய் கட்டினோம். மருந்துக்கு 16,500, அரங்குக்கு 3,500, மருத்துவருக்கு 2,000. அந்த மருத்துவமனை எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதுதான். எனவே பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் முறையை முதல் நாளே கேட்டேன். காப்பீட்டு மேசையில் இருந்த தம்பி, "ஊசிக்கெல்லாம் கேஷ்லெஸ் போட்டா நாள் முழுக்கக் காத்திருக்கோணுமுங்க. நீங்க பணத்தைக் கட்டிருங்க, மூணு ஊசியும் முடிஞ்சதும் ஒண்ணாச் சேர்த்து அனுப்பிக்கலாமுங்க" என்றார். நம்பினேன். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி வைத்த விலை ஒன்று இருக்கும் என்பதும், ரொக்கமாகக் கட்டுபவரிடம் அதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்ள முடியும் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, எல்லாத் தாள்களையும் கோத்து அக்டோபர் 20 அன்று அனுப்பினேன். மூன்று வாரங்களில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இது வெளிநோயாளியாகப் பெற்ற சிகிச்சை, டே கேர் அல்ல என்பது. மற்றொன்று, வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் காகிதங்கள் வரவில்லை என்பது. ஆகஸ்ட் ஊசிக்கு 74 நாட்களும் செப்டம்பர் ஊசிக்கு 46 நாட்களும் ஆகியிருந்தன. மூன்று ஊசிகளும் மூன்று தனித்தனி மருத்துவமனை அனுமதிகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது என்பதை அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். "மூணும் முடிஞ்சதும்" என்ற அந்த ஒரு சொல் இரண்டு ஊசிகளைக் கெடுவுக்கு வெளியே தள்ளிவிட்டது.

முதல் காரணத்தைப் படித்தபின் பில்லை எடுத்து மீண்டும் பார்த்தேன். மேலே சின்ன எழுத்தில் "ஓபி பில்" என்று அச்சாகியிருந்தது. உள்நோயாளிக்குத் தரும் ஐபி எண் இல்லை, உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரியும் தரப்படவில்லை. அரங்கில் மூன்று மணி நேரம் இருந்த அம்மாவைக் காகிதம் சளிக்கு மருந்து வாங்கிப் போனவரைப் போலக் காட்டியது.

டே கேர் என்பதற்குப் பாலிசியில் உள்ள விளக்கம் சுருக்கமானது. முன்பு ஒரு நாளுக்கு மேல் படுக்கையில் இருந்து பெற வேண்டியிருந்து, தொழில்நுட்ப வளர்ச்சியால் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற, முழு மயக்கமோ பகுதி மரப்போ கொடுத்துச் செய்யப்படும் சிகிச்சையே டே கேர். வழக்கமாக வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சை அதில் சேராது. கண்ணுக்குள் போடும் ஊசியை இந்தக் கடைசி வாக்கியத்தைக் காட்டித்தான் நிறுவனங்கள் பல காலமாகத் தள்ளி வந்தன. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில், பாலிசிகள் விலக்கி வைக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று 12 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. விழிக்குள் போடும் ஊசி அதில் ஒன்று. விலக்கக் கூடாதே தவிர, அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பு பாலிசியின் உள்பக்க அட்டவணை ஒன்றில் இருக்கும். ஏஜெண்டு அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பில்லைத் திருத்தித் தரும்படி மருத்துவமனைக்குப் போனேன். "கம்ப்யூட்டர்ல மாத்த வராதுங்க" என்பதே மூன்று நாட்கள் பதிலாக இருந்தது. நான்காம் முறை பில்லை மாற்றச் சொல்லாமல், அரங்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அறுவை அரங்குக்குள் யார் எப்போது போனார், எந்த மருந்து, எந்தத் தொகுப்பு எண் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். மருத்துவர் நல்லவர், விஷயத்தைக் கேட்டதும், மூன்று தேதிகளிலும் அரங்கில் அம்மா இருந்த நேரம், கொடுக்கப்பட்ட மரப்புச் சொட்டு, மருந்தின் பெயரும் தொகுப்பு எண்ணும் எல்லாவற்றையும் எழுதித் தம் லெட்டர்பேடில் கையெழுத்திட்டுத் தந்தார். கேஸ் ஷீட்டில் மருந்துக் குப்பியின் அட்டையிலிருந்து உரித்த ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலையும் முத்திரையுடன் வாங்கினேன். பில்லில் உள்ள மருந்து உண்மையிலேயே கண்ணுக்குள் போனது என்பதற்கு அந்தக் கட்டைவிரல் அளவுத் தாள்தான் சாட்சி.

இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். தாமதம் பற்றி, தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே அறிவுறுத்தியிருப்பதைக் குறிப்பிட்டு, உரிய காகிதங்களை மருத்துவமனை தராததைக் காரணமாகச் சொன்னேன். அவர்கள் மறுத்திருந்தாலோ ஒரு மாதம் பதில் தராமல் இருந்திருந்தாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிட்டிருக்கலாம். அது தேவைப்படவில்லை, கிளைமை ஏற்றார்கள். செலவு 66,000, வந்தது 50,000. எங்கள் பாலிசியில் கண் ஊசிக்கு ஆண்டு வரம்பு அதுதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். டிசம்பரில் நான்காவது ஊசி தேவைப்பட்டது. பிப்ரவரியில் பாலிசி புதுப்பித்தால் வரம்பும் புதிதாகுமே, அதுவரை தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "பாலிசி தேதி கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றார். கைக்காசில் போட்டோம்.

மறுஆண்டு அப்பாவுக்குக் குரல்வளையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை வேண்டாம், கதிர்வீச்சு மட்டும் போதும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். முகத்துக்கு அளவெடுத்துப் பிளாஸ்டிக் வலைமுகமூடி செய்து, ஸ்கேன் எடுத்து, 63 கிரே கதிர்வீச்சை 28 பங்காகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒரு பங்கு வைத்தார்கள். அப்பா மேசையில் படுத்து எழ கால் மணி நேரம்தான் ஆகும். கதிர்வீச்சுச் சிகிச்சை எங்கள் பாலிசியின் டே கேர் பட்டியலிலேயே பெயரோடு இருந்ததால், வெளிநோயாளி என்ற பேச்சு இங்கே எழவில்லை. இங்கே வந்த சிக்கல் வேறு.

28 வருகைக்கும் சேர்த்து ஒரே கேஷ்லெஸ் விண்ணப்பம் போட்டார்கள். திட்டமிடலுக்கும் முகமூடிக்கும் 35,000, நாளொன்றுக்கு 5,000 வீதம் 1,40,000, ஆக 1,75,000 மதிப்பீடு. நிறுவனம் முதல் கட்டமாக 1,00,000 ஒப்புக்கொண்டது. முதல் ஒப்புதல் முழுத் தொகைக்கும் வருவது அரிது. நடுவில் சிகிச்சைக் குறிப்பை அனுப்பி மீதியை மருத்துவமனை கேட்டுப் பெற வேண்டும். பதினான்காம் நாள், "ஒப்புதல் தீர்ந்துபோச்சுங்க, இனிமே அவங்க தரமாட்டாங்க, நாளைக்குப் பணத்தோட வாங்க" என்றார் மேசையில் இருந்த அம்மணி. இந்த முறை நான் உடனே பணம் கட்டவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கையாளும் டிபிஏ அலுவலகத்தை அழைத்துக் கிளைம் எண்ணைச் சொன்னேன். கூடுதல் தொகை கேட்டு எந்த விண்ணப்பமும் வரவில்லை என்றார்கள். அவர்கள் தர மறுக்கவில்லை, இவர்கள் கேட்கவே இல்லை. மேசைக்கு முன் நின்று விண்ணப்பத்தை அனுப்ப வைத்தேன். அன்று மாலையே மீதி வந்தது.

கடைசி நாள் தந்த பில்லில் மொத்தம் 1,85,000 இருந்தது. முதல் வருகையின் தேதியை அனுமதி என்றும் கடைசி வருகையின் தேதியை டிஸ்சார்ஜ் என்றும் போட்டு, நடுவில் 30 வருகைகள் என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒரே அனுமதியாக அச்சிட்டால், ஒன்றரை மாதம் உள்நோயாளியாக இருந்தவருக்கு அறை வாடகை எங்கே என்று டிபிஏ கேட்டுக் கோப்பை நிறுத்திவிடும். வருகை 30 ஆனது எப்படி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நடுவில் இரண்டு நாட்கள் இயந்திரம் பழுதாகி, அப்பா முகமூடியைக்கூட மாட்டாமல் திரும்பி வந்தார். கதிர்வீச்சு அறையில் தினசரி அட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, எத்தனையாவது பங்கு, அன்று வைத்த அளவு, அதுவரை சேர்ந்த அளவு, தொழில்நுட்பரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். 28வது வரியில் 63 கிரே என்று முடிந்திருந்தது; 29வது வரி இல்லை. அந்த அட்டையின் நகலையும் சிகிச்சை முடிவுச் சம்மரியையும் பில்லோடு சேர்த்து நீட்டியதும், 10,000 ரூபாயைக் குறைத்து, வருகைத் தேதிகளை வரிசையாகப் பட்டியலிட்டு வேறு பில் தந்தார்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இப்போதும் அவ்வப்போது ஊசி போடுகிறோம். அரங்கிலிருந்து அவர் வந்ததும் கண்ணில் கட்டோடு அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஐபி எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மருந்தின் ஒட்டுத்தாள் ஆகிய நான்கும் அன்றைய சம்மரியில் இருக்கின்றனவா என்று மேசையிலேயே படித்துப் பார்க்கிறேன். ஸ்கேன் ரசீதை அந்த ஊசியின் கோப்பிலேயே சேர்க்கிறேன். அனுமதிக்கு முந்தைய 30 நாட்களிலும் பிந்தைய 60 நாட்களிலும் அந்த நோய்க்காகச் செய்த செலவை எங்கள் பாலிசி ஏற்கிறது. மாதாந்தர ஸ்கேன் முந்தைய ஊசிக்கும் பிந்தைய ஊசிக்கும் பொருந்தும் என்றாலும், ஒன்றில் மட்டுமே கேட்க முடியும். கோப்பை அந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். இதனால் பல்லடம் பேருந்து ஒன்று தவறிப்போகிறது. அடுத்தது அரை மணியில் வரும்.