ஒரே காணொளி, இரு களங்கள்: யூடியூப் ஷார்ட்ஸும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும்

ஒழுகும் குழாயின் வாஷரை மாற்றும் முறையைக் காட்டும் 40 வினாடிக் காணொளி ஒன்றை இரு தளங்களிலும் ஏற்றுவதாகக் கொள்வோம். ஷார்ட்ஸில் அடுத்தடுத்துத் தள்ளிப் பார்ப்பவர்களுக்கு அது முதலில் காட்டப்படுகிறது. அவர்கள் நின்று பார்த்தார்களா, தள்ளிவிட்டார்களா என்பது அங்கே பெரிதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே, பழைய வாஷரைக் கழற்றும் காட்சியே தொடக்கமாக இருப்பது நல்லது. "குழாய் ஒழுகல்" என்று தேடுபவர்களும் தலைப்பின் வழியே வந்து சேர்வதால், முதல் வாரத்தில் மந்தமாக இருந்த காணொளி பல மாதங்களுக்குப் பிறகும் பார்வைகளைப் பெறக்கூடும்.

ரீல்ஸில் பார்க்கும் நேரத்தோடு, பார்த்தவர் அதை நண்பருக்கு அனுப்புகிறாரா என்பதும், குறிப்பாகப் பின்தொடராதவர்களைச் சென்றடைவதற்கு, மிக முக்கியமான குறிப்பு என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி கூறியிருக்கிறார். வாஷர் மாற்றுவது பயனுள்ள செய்திதான். ஆனால் வீட்டில் குழாய் ஒழுகாதவருக்கு அதை அனுப்பத் தோன்றாது. பிற செயலியின் முத்திரை தெரியும் காணொளிகளுக்கு அங்கே பரிந்துரை குறையும் என்பதால், முத்திரையில்லாத மூலக் கோப்பையே ஏற்ற வேண்டும்.

பார்வை எண்களை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறான முடிவையே தரும். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதைப் பார்வையாக எண்ணுகிறது. சராசரியாக எத்தனை வினாடி பார்க்கப்பட்டது என்பதையே நான் முதலில் ஒப்பிடுவேன்: இரண்டிலும் அது குறைவாக இருந்தால் குறை காணொளியில் இருக்கிறது, ஒன்றில் மட்டும் குறைந்தால், அங்கே யாருக்குக் காட்டப்பட்டது என்பதை ஆராய வேண்டும்.