அறுபது மாணவர்கள், ஒரே ஆசிரியர்: வரிசை முறையா, குழுச் சுழற்சி முறையா?

நடுநிலைப் பள்ளியின் 7-ஆம் வகுப்பில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து 60 பேரை ஒரே உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, அவர் முன்னால் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன. முழு வகுப்பையும் நான்கு வரிசைகளில் நிறுத்தி, விசில் ஒலிக்கு ஏற்ப எல்லோரையும் ஒரே பயிற்சியில் ஈடுபடுத்துவது பழைய வழி. வகுப்பை ஆறு நிலையான குழுக்களாகப் பிரித்து, மைதானத்தில் ஆறு இடங்களில் ஆறு பயிற்சிகளை அமைத்து, குறித்த நேரத்திற்கு ஒருமுறை குழுக்களை அடுத்த இடத்திற்கு நகர்த்துவது மற்றொரு வழி. எந்த முறையில் ஒழுங்கு நிலைக்கிறது என்பதை அறிய, மாணவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தைக் காட்டிலும் ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு மாறும் நேரத்தையே உற்றுப் பார்க்க வேண்டும். தள்ளுமுள்ளு, பந்துக்கான சண்டை, வரிசையை விட்டு ஓடுதல் ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. வகுப்பறை மேலாண்மையை ஆராய்ந்த ஜேக்கப் கூனின் 1970-இல் வெளியிட்ட முடிவுகளும் இதையே சுட்டின: ஒழுங்கு மீறலுக்குப் பின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைவிட, மீறலுக்கு இடம் தராமல் வகுப்பை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் சிறந்த ஆசிரியர்கள் வேறுபட்டார்கள்.

வரிசை முறையின் பலம் வெளிப்படையானது. ஆசிரியர் ஓரிடத்தில் நின்றபடி எல்லோரையும் பார்க்கலாம். ஒரே கட்டளை போதும். புதிய ஆசிரியரும் முதல் நாளே இதை நடத்திவிடலாம். பலவீனத்தை ஒரு கணக்கு காட்டும். 40 நிமிடப் பாடவேளையில் வகுப்பறையிலிருந்து வருவதற்கும் வருகைப் பதிவுக்கும் ஆறு நிமிடம், உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு நான்கு நிமிடம், முடித்துத் திரும்புவதற்கு ஐந்து நிமிடம் போனால், மிஞ்சுவது 25 நிமிடம். நான்கு வரிசைகளில் 15 பேர் வீதம் நின்று, ஒருவர் ஓடித் திரும்ப 20 விநாடி ஆகிறது என்றால், ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடம் ஆகும். மூன்று பயிற்சிகளுக்கு இடையே இரண்டு முறை அணிவகுப்பை மாற்றி அமைக்க மும்மூன்று நிமிடம் செலவானால் 19 நிமிடமே எஞ்சும். அதற்குள் ஒரு மாணவருக்கு நான்கு வாய்ப்புகள்கூட முழுதாகக் கிடைக்காது, ஏறத்தாழ 80 விநாடிக்கும் குறைவாகவே அவர் உண்மையில் ஓடியிருப்பார். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புதான். வரிசையின் கடைசியில் நிற்கும் சிறுவன் முன்னால் நிற்பவனின் காலைத் தட்டிவிடுவதை அடங்காமை என்று எழுதி வைப்பது எளிது. ஆனால் அவனை ஏறத்தாழ ஐந்து நிமிடம் சும்மா நிற்க வைத்தது வரிசையின் நீளமே.

குழுச் சுழற்சியில் கணக்கு மாறுகிறது. பத்துப் பேர் கொண்ட குழு இரண்டு வரிசைகளாக நின்றால் வரிசைக்கு ஐந்து பேர். அதே 20 விநாடிப் பயிற்சிக்கு ஒரு சுற்று 100 விநாடி. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள். நான்கு இடங்களைச் சுற்றி, இடையே மூன்று முறை ஒவ்வொரு நிமிடம் நகர்வுக்கு ஒதுக்கினால் 23 நிமிடத்தில் 12 வாய்ப்புகள், அதாவது 240 விநாடி கிடைக்கும். மீதமுள்ள இரண்டு இடங்களை அடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்கு நகர்வு ஒரு நிமிடத்தில் முடிந்தால் மட்டுமே நிற்கும். குழு முறையை முயன்று கைவிடும் பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஆறு குழுக்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் இரண்டு குழுக்கள் குறுக்கே ஓடி மோதிக்கொள்ளும். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் நல்ல பந்தை அள்ளிக்கொள்வார்கள். ஆசிரியர் அடுத்த பயிற்சியை விளக்கத் தொடங்கும்போது பாதிப் பேர் கையில் பந்து துள்ளிக்கொண்டிருக்கும். இதற்கு மாற்று, நகர்வையே ஒரு பயிற்சியாகக் கற்பிப்பது. முதல் இரண்டு வாரங்களுக்குப் பயிற்சிகளை மிக எளிதாக வைத்துக்கொண்டு, நகர்வை மட்டுமே பழக்க வேண்டும். ஒரு நீண்ட விசில் ஒலித்தால் பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டு, அங்கேயே நின்று ஆசிரியரைப் பார்க்க வேண்டும். இரண்டு குறு விசில்கள் ஒலித்தால், கருவிகளைத் தொடாமல், எல்லாக் குழுக்களும் கடிகாரத் திசையிலேயே அடுத்த இடத்திற்கு நடந்து சென்று அமர வேண்டும். குழு முழுவதும் அமர்ந்ததும் தலைவர் கையை உயர்த்துவார். ஆறு கைகளும் உயர்ந்த பிறகே தொடக்க விசில். கருவிகள் எப்போதும் இடத்திலேயே இருக்கும், மாணவர்கள் மட்டுமே நகர்வார்கள் என்ற ஒரே விதி பந்துச் சண்டையில் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

விளக்கம் சொல்லும் முறையும் நகர்வைக் கெடுக்கக்கூடும். 'வேப்பமரத்தடிக்குப் போங்கள்' என்று தொடங்கினால் மிச்சத்தைக் கேட்காமல் பாதிப் பேர் போய்விடுவார்கள். 'விசில் ஊதியதும்' என்று முதலில் சொல்லிவிட்டு, எங்கே, என்ன என்பதைப் பின்னால் சொன்னால் எல்லோரும் நிற்பார்கள். பேசும்போது வெயில் ஆசிரியரின் முகத்தில் விழ வேண்டும், மாணவர்களின் முகத்தில் அல்ல. சுழற்சி நடக்கும்போது அவர் மைதானத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாகச் சுற்றி வர வேண்டும்; நடுவில் நின்றால் பாதி வகுப்பு எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

முறை நிலைபெற்றுவிட்டதா என்பதை நிறுத்துக் கடிகாரம் சொல்லும். நீண்ட விசிலுக்கும் ஆறாவது கை உயர்வதற்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஆகுமானால், எந்தக் குழுவின் கை கடைசியாக உயர்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே குழு என்றால் சிக்கல் அதன் தலைவரிடம் இருக்கும். சில மாணவர்கள் தலைமையை அதட்டும் உரிமையாக எடுத்துக்கொள்வதுண்டு, ஆகவே மாதம் ஒருமுறை தலைவரை மாற்றுவது நல்லது. எப்போதும் ஒரே இடம் என்றால் சிக்கல் தூரத்திலோ, அங்குள்ள பயிற்சி புரியாததிலோ இருக்கும்.

ஒழுங்கு மீறியவரை எப்படி நடத்துவது என்பதிலும் இரு முறைகளும் வேறுபடுகின்றன. வரிசை முறையில் ஒருவருக்காக மொத்த வகுப்பும் நிறுத்தப்படுகிறது. பிறகு 'மைதானத்தை ஐந்து சுற்று ஓடு' என்ற பழைய தண்டனை வருகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓடுவதை விரும்ப வைப்பதே வேலையாக உள்ள ஆசிரியர் ஓட்டத்தையே தண்டனையாக்குவது என் மனதுக்கு ஏற்கவே இல்லை. குழு முறையில் அந்த மாணவரை மட்டும் ஆசிரியரின் அடையாளக் கூம்பு அருகே இரண்டு நிமிடம் நிறுத்தி, குழு செய்வதைப் பார்க்க வைத்து, விதியை அவர் வாயாலேயே சொல்லச் செய்து திருப்பி அனுப்பிவிடலாம்; மற்ற 59 பேரின் பயிற்சி நிற்பதில்லை.

கருவிப் பற்றாக்குறை குழு முறைக்குத் தடை என்று கூறப்படுவது பாதியே உண்மை. கால்பந்து ஒன்றும் எறிபந்து ஒன்றும் மட்டுமே இருந்தாலும், அவற்றுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கிவிட்டு, மற்ற நான்கில் கயிறு தாண்டல், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், வளைந்து ஓடுதல், சமநிலைப் பயிற்சி என்று கயிறும் சுண்ணாம்புக் கோடும் செங்கல்லும் கொண்டே அமைக்க முடியும். மைதானம் வளைந்து, ஒரு மூலை கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதுதான் உண்மையான தடை. பார்வைக்குள் வராத இடத்தில் ஒரு குழுவை வைக்கக் கூடாது. ஐந்து இடங்களும் 12 பேர் கொண்ட குழுக்களுமே அங்கே போதும்.

ஆகவே ஆண்டின் முதல் இரண்டு வாரங்கள் கழிந்ததும் குழுச் சுழற்சியையே நான் தேர்ந்தெடுப்பேன், எறிதல் பயிற்சிகளைத் தவிர. குண்டு எறிதலையோ வட்டு எறிதலையோ சுழற்சியில் ஓர் இடமாக வைத்தால், ஆசிரியர் வேறு குழுவைப் பார்க்கும் நேரத்தில் ஒருவர் எறிய, இன்னொருவர் எடுக்கக் குறுக்கே போய்விடுவார். அந்த நாள்களில் வகுப்பை ஒரே கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, எறிவது ஒரு விசிலுக்கு, எல்லோரும் எறிந்து முடித்த பிறகு எடுக்கப் போவது அடுத்த விசிலுக்கு என்று ஒற்றைக் கட்டளையிலேயே நடத்த வேண்டும். காத்திருப்பு கூடினாலும் அந்த நேரத்தை இழக்கத்தான் வேண்டும்.